காலியாக நிற்கும் ஒரு கட்டம்: ஆண்டு 3 பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளின் பையில் வரும் குறுக்கெழுத்துத் தாளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், இது விளையாட்டு மாதிரி இருக்கே. பேசாம ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை எழுதச் சொன்னா எழுத்துப்பிழை போயிடாதா?" என்று ஓர் அம்மா நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. பினாங்கில் மற்றத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். அதனால்தான் வகுப்பின் புலனக் குழுவில் நாலு வரியில் முடிக்காமல் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பத்துத் தடவை எழுதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். பலர் முதல் எழுத்தை மேலிருந்து கீழே பத்து வரியிலும் எழுதுவார்கள். பிறகு இரண்டாம் எழுத்து, பிறகு மூன்றாவது. பக்கம் நிறைந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லை முழுதாக ஒரு தடவைகூட நினைத்திருக்க மாட்டார்கள். ஒழுங்காக வரி வரியாக எழுதும் பிள்ளைக்கும் மேல்வரியில் விடை இருக்கிறது. பார்த்து எழுதினால் போதும், யோசித்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

குறுக்கெழுத்துத் தாளில் விடை எங்கும் இல்லை. குறிப்பும் கட்டமும்தான் இருக்கின்றன. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம். நம் பிள்ளைகளின் பிழைகளில் பெரும்பங்கு இந்தப் புள்ளி எழுத்தில்தான் நடக்கிறது. எழுத்தை மாற்றிப் போடுவதைவிட அதை விட்டுவிடுவதே அதிகம். 'பள்ளிகூடம்', 'தைபூசம்', 'வாழைபழம்'. சொல்வதெழுதுதலில் இப்படி எழுதும் பிள்ளைக்குத் தான் எழுதியது முழுச்சொல்லாகவே தெரியும். நான் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தரும்போது இரண்டு நாள் ஓடியிருக்கும். எழுதியபோது என்ன நினைத்தோம் என்பது மறந்தே போயிருக்கும்.

சென்ற மாதத் தாளில் நடந்ததைச் சொல்கிறேன். இடமிருந்து வலம், ஐந்து கட்டம், குறிப்பு: 'தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துச் செல்லும் திருநாள்'. ஒரு மாணவி தை, பூ, ச, ம் என்று எழுதினாள். கடைசிக் கட்டம் காலியாக நின்றது. விடை தைப்பூசம்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆக, சிக்கல் எழுத்தில் இருக்கிறது என்று அவளுக்கே புரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. அதே சொல்லின் இரண்டாம் கட்டத்தை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு மூன்று கட்டச் சொல் வருகிறது. குறிப்பு: 'கடல்நீரில் கரைந்திருப்பது'. உப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். உ, அடுத்தது ப். ஆனால் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே 'பூ' உட்கார்ந்திருக்கிறது. 'உபூபு' என்று வாய்விட்டுப் படித்தாள். பிறகு பூவை அடித்துவிட்டு ப் எழுதினாள், மீதி எழுத்துகள் ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போயின, காலிக் கட்டமும் நிறைந்தது. யாரும் அவளுக்கு எதையும் சொல்லித் தரவில்லை. பிழை நடந்த நிமிடத்திலேயே அதைத் தானாகக் கண்டுபிடித்தாள். இதற்காகத்தான் தெரிந்த சொல்லையும் தடுமாறும் சொல்லையும் தேடிப்பிடித்து ஒரே கட்டத்தில் சந்திக்க வைக்கிறேன். வாரத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வைக்காததற்கும் இதுவே காரணம்.

எல்லாப் பிழையையும் கட்டம் பிடித்துவிடாது. வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கட்டம். 'வாழைபழம்' என்று எழுதினால் ஒரு கட்டம் மிஞ்சும், பிள்ளைக்குத் தெரிந்துவிடும். 'வாளைப்பளம்' என்று எழுதினால் ஆறும் சரியாக நிறையும்! நம்மில் பலர் வீட்டில் ழகரத்தை ளகரமாகத்தான் ஒலிக்கிறோம். பிள்ளை கேட்டபடி எழுதுகிறது. வெட்டும் சொல்லாகக் 'குழந்தை'யைப் போட்டாலும் பயனில்லை. 'குளந்தை' என்று எழுதினால் இரண்டு பிழையும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும். ஆகவே ல, ள, ழ வரும் இடத்துக்கு வேறு வழி. முதல் வாரத்தில் அந்த ழகரத்தை நானே கட்டத்தில் அச்சிட்டுத் தருகிறேன். அடுத்த வாரம் அதே சொல் வேறு குறிப்போடு வரும், முதலெழுத்து மட்டும் இருக்கும். இன்னும் இரண்டு வாரம் கழித்து எல்லாக் கட்டமும் காலி. "போன வாரம் வந்த சொல்லே திரும்ப வருதே டீச்சர்" என்று நீங்கள் சொன்னது இதைத்தான். மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்ப எடுக்க வைக்கவே அப்படிச் செய்கிறேன்.

இப்படி நினைவிலிருந்து எடுப்பதைப் பற்றி ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, இடையில் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அது பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்தது. தமிழ் எழுத்துப்பிழையைப் பற்றியது அல்ல. ஆனால் பத்துத் தடவை எழுதிய பிள்ளை மறுநாள் சொல்வதெழுதுதலில் முழுப் புள்ளி வாங்கிவிட்டு, அடுத்த மாதக் கட்டுரையில் அதே சொல்லைப் பிழையாக எழுதுவதை ஆசிரியர்கள் எல்லாரும் பார்க்கிறோம். அதனால் தாள் நிறைந்து வருவதை நான் வெற்றியாகக் கணக்கில் எடுப்பதில்லை. சில வாரம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், அந்தச் சொற்கள் வரும் வாக்கியங்களை வாசித்து எழுதச் சொல்கிறேன். கட்டுரை ஏட்டையும் புரட்டிப் பார்க்கிறேன். விடுபடும் புள்ளி எழுத்துகள் தெளிவாகக் குறைந்திருக்கின்றன. ழகரம் மெதுவாகத்தான் திருந்துகிறது.

இன்னும் எழுத்துகளையே முழுதாக அடையாளம் காணாத பிள்ளைகளுக்கு இந்தத் தாள் உதவாது, வெறுப்பைத்தான் தரும். அவர்களுக்கு எழுத்து அட்டைகளைக் கொடுத்து வகுப்பிலேயே தனியாகச் செய்கிறேன்.

சிலர் அன்போடு இணையத்திலிருந்து வேறு புதிர்களை எடுத்து அனுப்புகிறீர்கள். எழுத்துக் குவியலில் சொல்லைத் தேடி வட்டமிடும் புதிர் கண்ணுக்கு நல்ல பயிற்சி, எழுத்துக்கூட்டலுக்கு அவ்வளவு உதவாது. சொல் அங்கே ஏற்கெனவே சரியாக எழுதப்பட்டிருக்கிறது. தானாகக் கட்டம் போட்டுத் தரும் செயலிகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட பல செயலிகள் நம் எழுத்தை உடைத்துவிடும். 'கா' என்பதில் ககரத்தை ஒரு கட்டத்திலும் துணைக்காலை அடுத்த கட்டத்திலும் போட்டு வைக்கும். பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் இருக்கிற தெளிவும் போய்விடும். வீட்டில் நீங்களே செய்ய விரும்பினால் சதுரக் கட்டமிட்ட கணக்கு ஏடே போதும்.

உங்களிடம் கேட்பது சில விஷயங்கள்தான். பிள்ளை தடுமாறும்போது எழுத்தைச் சொல்லிவிடாதீர்கள். சொல்லை நிறுத்தி நிறுத்தி, "தைப்... பூ... சம்" என்று ஒலித்துக் காட்டுங்கள், கட்டத்தை எண்ணச் சொல்லுங்கள். சொல்லே தெரியவில்லை என்றால் அதன் பொருளை விளக்குங்கள். ழகரம் வரும்போது நாமும் நாக்கை மடித்துச் சரியாக ஒலிக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அழிப்பானைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். முதலில் என்ன எழுதியது என்று தெரிந்தால்தான் அடுத்த தாளில் எந்தச் சொல்லை எதோடு வெட்ட வைப்பது என்று நான் முடிவு செய்ய முடியும்.

சனிக்கிழமை இரவே விடைகளைப் படம் பிடித்துப் புலனக் குழுவில் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உதவும் எண்ணத்தோடுதான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் அதைப் பார்த்த மறுகணம் மற்றப் பிள்ளைகளுக்கு இது வெறும் பார்த்தெழுதும் வேலையாகிவிடுகிறது. திங்கட்கிழமை இரண்டு மூன்று கட்டம் காலியாக வந்தால் அப்படியே அனுப்பி வையுங்கள். அன்று முதல் பாடவேளையில் அந்தக் கட்டங்களைத்தான் எடுத்து நடத்துவேன்.