இடது ஓரத்து இலக்கம்
2,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,990 என்று விலை போடுவதைப் பற்றிப் பேசினால், “பத்து ரூபாய் குறைவதால் யாரும் ஏமாறுவதில்லை” என்பார்கள் சிலர். கடந்த தீபாவளிக்கு ஹட்டனில் மகளுக்கு ஸ்வெட்டர் வாங்கப்போன நானே ஏமாந்தேன். மெல்லியது 1,990 ரூபாய், தடித்தது 2,050. ஒன்று ஆயிரத்துச் சொச்சம், மற்றது இரண்டாயிரத்துக்கு மேல் என்றுதான் மனம் கணக்கிட்டது. வித்தியாசம் வெறும் 60 ரூபாய். மெல்லியதை வாங்கினேன், மார்கழிக் குளிரை அது தாங்கவில்லை. விலையை இடப்பக்கமிருந்து வாசிக்கிறோம், முதல் இலக்கமே மனத்தில் தங்கிவிடுகிறது. அதனால்தான் 2,000 ரூபாய் 1,990 ஆகும்போது உள்ள கவர்ச்சி, 2,450 ரூபாய் 2,440 ஆகும்போது இருப்பதில்லை. இப்போதெல்லாம் விலைச்சீட்டைப் பார்த்ததும் அடுத்த நூறுக்கு உயர்த்திச் சொல்லிக்கொள்கிறேன், பிறகு சீட்டில் உள்ள இரண்டு விலைகளையும் கழித்து, வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறேன். 60 ரூபாய்க்குத் தடித்த கம்பளி கிடைக்குமென்றால் யார் வேண்டாம் என்பார்கள்?