ஜாமீன் போட்டவர் கட்டிய பணம்: கடனாளியிடம் எவ்வளவு கேட்கலாம்?

"கோத்தகிரியில் மச்சானின் தேயிலைத் தோட்டக் கடனுக்கு ஜாமீன் போட்டேன். பாக்கி 3,40,000. வங்கியிடம் பேசி 2,60,000 கட்டி முடித்தேன். இப்போது அவரிடம் முழு 3,40,000 கேட்கலாமா?"

முடியாது சார். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 145-இன்படி நீங்கள் முறைப்படி கட்டிய தொகைதான் கிடைக்கும்: 2,60,000, அதற்கு வட்டியும் கேட்கலாம். தள்ளுபடியான 80,000 உங்கள் கையிலிருந்து போகவில்லையே. ஜெயிக்க வழியில்லாத வழக்கை வீம்புக்கு நடத்தியிருந்தால் அந்தச் செலவும் கிடைக்காது.

இண்டெம்னிட்டியும் ஜாமீனும் ஒன்றல்ல. இண்டெம்னிட்டியில் இரண்டே பேர். நஷ்டம் வந்தால் ஈடு செய்வதாக ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார் (பிரிவு 124). ஜாமீனில் மூவர், கடன் ஏற்கெனவே கடனாளியுடையது, அவர் தவறினால்தான் நீங்கள் (பிரிவு 126). அதனால்தான் அவர் எழுதித் தராவிட்டாலும், உங்களுக்கு ஈடு செய்வதாக அவர் வாக்களித்ததாகவே சட்டம் கொள்கிறது.

இதைவிட அவசரமானது தோட்டப் பத்திரம். கடன் தீர்ந்ததும் வங்கிக்கு இருந்த உரிமைகள் உங்களுக்கு வந்துசேரும் (பிரிவு 140), அடமானமும் அதில் சேர்த்தி. பத்திரம் மச்சான் கைக்குப் போகும் முன், ஜாமீன்தாரர் கட்டி முடித்தார் என்ற கடிதத்தோடு வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் சம்மதமின்றி வங்கி அந்த அடமானத்தை முன்பே விட்டுக்கொடுத்திருந்தால், அதன் மதிப்பளவுக்கு உங்கள் பொறுப்பே குறைந்திருக்கும் (பிரிவு 141). பணம் கட்டும் முன்பே பார்த்திருக்க வேண்டியது இது.

சொந்தக்காரர் என்று தள்ளிப்போடாதீர்கள். வழக்குப் போட, பணம் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு.