தவறான ஆளுக்குப் பணம் போய்விட்டால்

போன் செயலியில் பணம் மாறிப் போனால் பலரும் முதலில் சொல்வது, "வங்கியில் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்" என்பதுதான். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். நம் கணக்கில் கழிந்து, எதிர்க் கணக்கில் ஏறாமல் நடுவில் நின்றுபோன பணம் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். ஆனால் "வெற்றி" என்று காட்டிய பிறகு, அந்தப் பணம் இன்னொருவர் கணக்கில் இருக்கிறது. ரகசிய எண்ணைப் போட்டது நாம்தான், யாரும் திருடவில்லை. வங்கியின் பார்வையில் அது சரியாக நடந்த பரிமாற்றம்.

என் நண்பர் ஒருவர் பழைய சகா ஒருவருக்குக் கடனைத் திருப்பி அனுப்பினார். சகா அந்த எண்ணை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தொலைபேசி நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது, அவரும் அதில் தன் கணக்கை இணைத்திருந்தார். நண்பரின் திரையிலோ, அவர் சேமித்து வைத்திருந்த சகாவின் பெயர்தான் தெரிந்தது! இந்தியாவில் யுபிஐ செயலிகள் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று 2025இல் விதி வந்ததற்கு இந்த மாதிரிக் குழப்பமும் ஒரு காரணம். அந்தப் பெயரைப் படிக்காமல் அழுத்துபவர்களுக்கு எந்த விதியும் உதவாது என்பது வேறு விஷயம்.

நண்பர் அன்றே பரிமாற்றத்தின் குறிப்பு எண்ணை எடுத்துச் செயலியில் புகார் போட்டார், தன் வங்கிக்கும் எழுத்தில் கொடுத்தார். அவர் வங்கி எதிர் வங்கிக்கு எழுதும், எதிர் வங்கி தன் வாடிக்கையாளரிடம் கேட்கும். அவர் சம்மதித்தால் பணம் வரும். மறுத்தாலோ, பதிலே சொல்லாவிட்டாலோ போலீஸ், நீதிமன்றம்தான் வழி. அவருடைய முகவரியை வங்கி நமக்குத் தராது.

இது அநியாயம் என்று நண்பர் கொதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "தவறுதலாக அனுப்பிவிட்டேன்" என்ற ஒரு வார்த்தைக்கு வங்கி பணத்தைப் பிடுங்கிக் கொடுத்தால், பொருளை வாங்கிக்கொண்டு பணத்தையும் திரும்பப் பெறுகிற ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். ஆனால் எதிர் வங்கி வாடிக்கையாளரிடம் கேட்டதா இல்லையா என்பதைக்கூட நமக்குச் சொல்லாமல் வாரக்கணக்கில் இழுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆக, வாய்ப்பு எவ்வளவு? அந்த மனிதர் நேர்மையானவர், பணமும் கணக்கில் இன்னும் இருக்கிறது என்றால் நல்ல வாய்ப்பு. அவர் செலவழித்துவிட்டார் என்றால், சிறு தொகைக்காக வழக்கு வரை போவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அதனால்தான் அன்றே புகார் கொடுக்கச் சொல்கிறேன். இணையத்தில் தேடிக் கிடைக்கும் "உதவி எண்"ணை மட்டும் அழைக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்காகவே மோசடிக்காரர்கள் அங்கே எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். செயலிக்குள் இருக்கும் புகார்ப் பகுதியே போதும்.

யாராவது உங்களுக்குத் தவறாக அனுப்பிவிட்டதாகச் சொன்னால், நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கு இருப்பைப் பாருங்கள். பணம் வந்திருந்தால் உங்கள் வங்கியிடம் சொல்லி, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். அது திருட்டுப் பணமாக இருந்து, அவர்கள் சொல்லும் வேறொரு எண்ணுக்கு நீங்கள் அனுப்பியிருந்தால், முடங்கப்போவது உங்கள் கணக்கு.