"கேமோன் ஆச்சேன்" என்று கேட்டால் என்ன சொல்வது?

வேற்று மொழிக்காரர் ஒருவர் அவர் மொழியில் உங்களை நலம் விசாரித்தால், தெரிந்த இரண்டு வார்த்தையை வைத்து அந்த மொழியிலேயே பதில் சொல்லுங்கள். அடுத்த மூச்சில், "எனக்கு இவ்வளவுதான் தெரியும்" என்பதையும் அதே மொழியில் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டாவது பாதியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய தப்பு என்பது என் கட்சி.

எனக்கு வேலை ஆயிரம் விளக்குப் பக்கம், கிரீம்ஸ் சாலையை ஒட்டிய ஒரு மருந்துக்கடையில். அந்த ஏரியாவைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லாட்ஜ், மெஸ், பணம் மாற்றும் கடை என்று பல இடங்களில் வங்காள எழுத்தில் போர்டு இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்காக வந்து தங்குகிறவர்கள் நிறைய. 2024க்குப் பிறகு விசா கெடுபிடியால் வங்கதேசத்துக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. ஆனாலும் கவுன்டரில் வங்காளம் கேட்காத வாரம் கிடையாது.

வருகிறவர்கள் சலாம் சொன்னால் சிக்கலே இல்லை. "வ அலைக்கும் அஸ்ஸலாம்" என்று திருப்பிச் சொல்லத் திருவல்லிக்கேணியைத் தாண்டிப் போக வேண்டாம், அதைச் சொல்வதால் உங்களுக்கு வங்காளம் தெரியும் என்று யாரும் நினைக்கவும் மாட்டார்கள். "நொமொஷ்கார்" என்றால் கை கூப்பி நாமும் அதையே சொல்லலாம். சங்கதி ஆரம்பிப்பது "கேமோன் ஆச்சேன்?" என்ற இடத்தில். எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். "பாலோ ஆச்சி" என்பது பதில், நல்லா இருக்கேன். புதிதாகக் கற்கிறவர்கள் காதில் விழுந்ததை அப்படியே திருப்பி "பாலோ ஆச்சேன்" என்பார்கள். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டவரிடம் "நல்லா இருக்கீங்க" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நஷ்டம் வருவது சுத்தமாகச் சொன்னால்தான். உச்சரிப்பு நன்றாக அமைந்துவிட்டால், ஊரை விட்டு வந்து நாள் கணக்காக யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாமல் இருந்தவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார். எங்கே வலி, எந்த டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாமே மடமடவென்று வந்துவிடும். நமக்கோ நடுவில் மருந்தைக் குறிக்கும் "ஓஷுத்", அப்புறம் "டாக்தார்" மட்டும் பிடிபடும். முகத்தைப் பார்த்தால் நிறுத்தவும் மனசு வராது. "ஆச்சா, ஆச்சா" என்று தலையாட்ட ஆரம்பிப்போம். அந்தத் தலையாட்டல்தான் பொய். மரியாதைக்காகச் செய்வதுதான், ஆனால் எதிரில் இருப்பவர் அதை நம்புகிறார்.

மருந்துக்கடையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்கிறேன். வங்காளத்திலும் தமிழைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும். நேற்றா நாளையா, செய்தாரா செய்யவில்லையா எல்லாம் அந்த வால்பகுதியில் இருக்கிறது. "காய்" என்றால் சாப்பிடுகிறேன், "காய் நா" என்றால் சாப்பிடுவதில்லை, "காய் நி" என்றால் சாப்பிடவில்லை. அரைகுறையாகக் கேட்கிறவருக்கு முன்னால் வரும் பெயர்ச்சொல் பிடிபடும், வால் நழுவிவிடும். போதாக்குறைக்கு "கால்" என்று ஒரு வார்த்தை. நேற்றுக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். வினைச்சொல்லை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

வங்கதேசத்துக் குல்னாவிலிருந்து ஒரு பெரியவர் மகளோடு வந்தார். கையில் காலியான பிரஷர் மாத்திரை அட்டை. என்னைப் பார்த்ததும் "கேமோன் ஆச்சேன்" என்றார். "பாலோ ஆச்சி, ஆப்னி கேமோன் ஆச்சேன்" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் "ஆமி ஏக்டு ஏக்டு பாங்லா ஜானி, ஆஸ்தே போலுன்" என்றேன். கொஞ்சம் கொஞ்சம்தான் தெரியும், மெதுவாகச் சொல்லுங்கள். அவர் முகம் வாடவில்லை. "ஆச்சா" என்று சிரித்துவிட்டு, அட்டையைக் காட்டி நிறுத்தி நிதானமாக "கால் தேக்கே ஓஷுத் பொந்தோ" என்றார்.

அவ்வளவுதான், வினைச்சொல்லே இல்லை. "கால் தேக்கே" என்றால் நேற்றிலிருந்து, இல்லாவிட்டால் நாளையிலிருந்து. "ஓஷுத் பொந்தோ" என்றால் மருந்து நிறுத்தம். மாத்திரை தீர்ந்து நேற்றிலிருந்து போடாமல் இருக்கிறாரா, இல்லை ஏதாவது பரிசோதனைக்காக நாளையிலிருந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா? முதலாவது என்றால் உடனே மாத்திரை கொடுக்க வேண்டும். இரண்டாவது என்றால் எதை, எத்தனை நாளைக்கு நிறுத்தச் சொன்னார்கள் என்று டாக்டர் தரப்பில் கேட்காமல் கொடுக்கக் கூடாது. காலி அட்டையைப் பார்த்து நாமே ஊகித்துவிடலாம் என்று தோன்றும். அந்த ஊகம்தான் கூடாது. கவுன்டரில் இருந்த தினக் காலண்டரை அவர் பக்கம் திருப்பி, தேதியில் விரல் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் முந்தின நாள் தேதியைக் காட்டினார். மகள் மூன்று விரலை நீட்டி, மூன்று நாளில் ஊருக்குப் போகிறோம் என்றும் புரியவைத்தார்.

அப்புறமும் நான் என் வங்காளத்தை நம்பவில்லை. எதிர் லாட்ஜில் வேலை பார்க்கும், மேற்கு வங்க மால்டாவைச் சேர்ந்த பையனை ஸ்பீக்கரில் போட்டு, ஒருமுறை அவரையே முழுதாகச் சொல்ல வைத்து, சீட்டில் இருந்ததோடு சரிபார்த்துத்தான் அட்டையைக் கொடுத்தேன். எப்போது போட வேண்டும் என்பதை எண்ணாக எழுதிக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். வங்காள எழுத்தில் நாலு நம் 8 மாதிரி இருக்கும், ஏழு 9 மாதிரி இருக்கும். அவர்கள் எழுதிக் காட்டினால் நாம் ஏமாறலாம், நாம் எழுதினால் அவர்கள் ஏமாறலாம். கோடு போட்டுக் காட்டுவது நல்லது, ஒரு மாத்திரைக்கு ஒரு கோடு.

"அப்படியானால் அவர் மொழியில் பதில் சொல்லவே வேண்டாமே, நேரா இந்தியில் பேசிவிடலாமே" என்று எங்கள் கடையிலேயே கேட்பார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். வங்கதேசத்திலிருந்து வருகிற எல்லோருக்கும் இந்தி வராது. தாய்மொழிக்காக 1952 பிப்ரவரி 21ல் டாக்காவில் மாணவர்கள் குண்டடிபட்டுச் செத்த நாட்டுக்காரர்கள் அவர்கள். 1965ஐப் பார்த்த நமக்கு அதைத் தனியாக விளக்க வேண்டாம். வடக்கே இருந்து வந்தால் இந்திதான் என்று முடிவு கட்டுவதை நாம் எப்படிச் செய்ய முடியும்? "பாலோ ஆச்சி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு. "ஏக்டு ஏக்டு" என்று சேர்த்துச் சொன்னால் எங்கே நிறுத்த வேண்டும், எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்துவிடும். நான் பார்த்தவரை அதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கேட்டதும் வேகத்தைக் குறைக்கிறார்கள், கையை அசைத்துக் காட்டுகிறார்கள், கைப்பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து நீட்டுகிறார்கள்.

இதில் நம் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வங்காளி "வணக்கம், நல்லா இருக்கீங்களா" என்றால், இங்கே பாதிப் பேர் அவருக்குத் தமிழ் முழுசாகத் தெரியும் என்று மடமடவென்று கொட்டுகிறோம். மீதிப் பேர் அவர் சொன்னதைக் காதிலேயே வாங்காமல் "க்யா சாஹியே" என்கிறோம். அவர் "கொஞ்சம் கொஞ்சம் தமிழ்" என்று சொன்னால், சரி என்று ஒவ்வொரு வாக்கியமாக மெதுவாகப் பேசுங்கள். நடுநடுவே, சொன்னதை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வெறுமனே தலையை மட்டும் ஆட்டினால் அவருக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லுங்கள்.