குரூப்பைப் பூட்டினால் நம்பர் மறையாது

"குரூப்பில் அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி மாத்திட்டா போதும், யார் நம்பரும் யாருக்கும் தெரியாது."

தவறு. அந்த வாட்ஸ்அப் அமைப்பு மற்றவர்கள் எழுதுவதை மட்டுமே தடுக்கும். குரூப் பெயரைத் தொட்டால் உறுப்பினர் பட்டியல் நம்பர்களோடு அப்படியே கிடக்கும்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் எங்கள் மாமா, கன்று எடுக்க வரும் நாளைச் சொல்ல 60 விவசாயிகளை இப்படித்தான் ஒரு குரூப்பில் சேர்த்தார். மறுநாளே யாரோ ஒரு உர வியாபாரி அத்தனை பேருக்கும் போன் போட்டுவிட்டார். திட்டு மாமாவுக்கு!

இதற்கு பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் சரி. ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளியைத் தொட்டு, broadcast என்று இருப்பதில் போய் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் அது தனி மெசேஜாகவே போகும், பதிலும் அனுப்பியவருக்கு மட்டுமே வரும்.

ஒரு சிக்கல் உண்டு. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் மெசேஜ் போய்ச் சேரும். மாமா அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து Info பார்த்தோம். 47 பேருக்குத்தான் சேர்ந்திருந்தது. மீதி 13 பேரில் சிலர் போனை அணைத்து வைத்திருந்தார்கள், பலர் நம்பரைச் சேமிக்கவே இல்லை. அவர்களைக் கூப்பிட்டு, "நம்பரை சேவ் பண்ணிக்கங்கண்ணா" என்று சொல்லி, மறுபடி அனுப்பினோம்.

இன்னொன்று, யார் எத்தனை மணிக்கு என்ற பட்டியலைப் பெயர், நம்பரோடு மெசேஜிலேயே ஒட்டினால் பிராட்காஸ்ட்டும் காப்பாற்றாது. மாமா இப்போது காலைக்கு ஒரு லிஸ்ட், மாலைக்கு ஒரு லிஸ்ட் வைத்து, "நாளை 8 மணிக்கு வாங்க" என்று மட்டும் அனுப்புகிறார்.