பெண்கள் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுகிறார்களா?

“பெண்களின் அறநெறிச் சிந்தனை, மற்றவர்கள் மெச்ச நல்லபடி நடக்கப் பார்க்கும் 3-ஆம் படியோடு நின்றுவிடும், ஆண்கள்தான் மேலே போவார்கள். கோல்பர்க் சோதனையில் நிரூபித்துவிட்டார்கள்.”

தவறு. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1958-இல் அறநெறிச் சிந்தனை வளரும் விதத்தை ஆறு படிகளாக வகுத்தபோது பேட்டி கண்டது சிகாகோ வட்டாரச் சிறுவர்களை மட்டுமே. ஒரு சிறுமிகூட இல்லை. அளவுகோலே அங்கிருந்து வந்ததுதான்.

அவருடைய பிரபலமான கேள்வி இது: ஹைன்ஸ் என்பவரின் மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்துக்குக் கடைக்காரர் 2,000 டாலர் கேட்கிறார், ஹைன்ஸிடம் பாதிதான் இருக்கிறது. திருடலாமா? பதில் எதுவானாலும் சரி, சொல்லும் காரணத்துக்குத்தான் மதிப்பெண்.

உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982-இல் இதே கேள்விக்கு இரண்டு 11 வயதுப் பிள்ளைகள் சொன்ன பதில்களை அருகருகே வைத்தார். ஜேக், பணத்தைவிட உயிர் பெரிது, திருடலாம் என்றான். ஏமி, அவர் ஜெயிலுக்குப் போய்விட்டால் அப்புறம் மனைவியை யார் பார்ப்பது, கடன் வாங்கலாம், பேசிப் பார்க்கலாம் என்றாள். உறவை யோசித்த இந்தப் பதிலுக்கு அளவுகோலில் கீழ்ப்படிதான் கிடைத்தது.

ஆனால் கில்லிகனை வைத்து ‘பெண்மனமே வேறு’ என்று பேசுவதும் மிகைதான். லாரன்ஸ் வாக்கர் 1984-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் ஆண், பெண் வித்தியாசமே தென்படவில்லை. தென்பட்ட சிலவற்றில் படிப்பும் வேலையும் இருபாலருக்கும் சமமாக இல்லை.

அளவுகோலின் கோளாறு நகரம், கிராமம் என்ற விஷயத்திலும் உண்டு. ஜான் ஸ்நேரி 1985-இல் 27 நாடுகளின் ஆய்வுகளை அலசினார். சட்டத்தையும் பொது உடன்பாடாகப் பார்த்து எடைபோடும் 5-ஆம் படி நகரத்து நடுத்தர வர்க்கத்தில் தென்பட்டது, கிராமச் சமூகங்களில் ஏறக்குறைய இல்லை. சமூகக் கடமையை முன்னிறுத்தும் பதில்களுக்கு மதிப்பெண் கையேட்டில் சரியான இடமே இல்லை என்பது அவர் கருத்து.