அடி முடிவில் எந்தச் சொல்?

"தமிழில் சொற்களை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஆகவே இயைபு அமைப்பது சுலபம்" என்று கவிதை எழுதப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் ஒரு தமிழாசிரியை என்பதால் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்: இந்த வாக்கியத்தின் முதல் பாதி அரை உண்மை, இரண்டாம் பாதி பிழை. சொற்களை இடம் மாற்றலாம். ஆனால் மாற்றும் ஒவ்வொரு முறையும் வாக்கியத்தில் அழுத்தம் விழும் இடமும் மாறிவிடுகிறது. அதைக் காட்டிக்கொடுக்காமல் பிள்ளையை அனுப்பினால், இயைபு காதில் விழும், பொருள் விழாது.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆயத்தமாகும் தரம் 10 மாணவி ஒருத்தியின் கவிதையை வைத்தே இதைச் சொல்கிறேன். சாம்பல்தீவுப் பக்கத்துப் பிள்ளை. தகப்பனார் கரைவலைத் தொழில் செய்பவர். அவளுடைய அனுமதியுடன்தான் இங்கே போடுகிறேன். முதலில் அவள் எழுதியது:

விடியும் முன்னே வலையை விட்டார்
வெயிலில் துண்டைத் தலையில் இட்டார்
கரையில் மீனைக் கொட்டி விட்டார்
கடைசியில் விலையைக் கேட்டு விட்டார்

மோனை நன்றாக இருக்கிறது. முதல் இரண்டு அடிகளை வகரமும் அடுத்த இரண்டு அடிகளைக் ககரமும் பிடித்து நிற்கின்றன. ஆனால் அடிமுடிவைப் பாருங்கள். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். எழுவாய்க்கு ஏற்ற விகுதியை அது ஏற்கும். "அப்பா" என்ற ஒரே எழுவாயைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதினால் நான்கும் "ஆர்" என்று முடியத்தான் செய்யும். அந்த ஒலி ஒற்றுமையை இலக்கணம் தானாகவே கொடுத்துவிடுகிறது, எழுதியவர் தேட வேண்டியதில்லை. தேடாமல் கிடைத்த ஒலி கேட்பவரை நிமிர வைக்காது. நம் முன்னோர் அடியின் தொடக்கத்தில் வரும் மோனையையும் எதுகையையும் இவ்வளவு போற்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண் ஆகியவற்றோடு இயைபையும் தொடையாகச் சொல்கிறது. ஆனாலும் பழைய பாட்டில் இயைபு அருகித்தான் வருகிறது. சொற்களின் வேர் அடியின் தொடக்கத்தில் பலவாறாக மாறும். முடிவிலோ அதே சில விகுதிகள் திரும்பத் திரும்ப வரும்.

இதை அவளிடம் சொன்னதும் அடுத்த நாளே மாற்றிக்கொண்டு வந்தாள்.

விட்டார் அப்பா விடியலில் வலையை
கடந்தார் தோணியில் எதிர்வரும் அலையை
மூடினார் துண்டால் வெயில்சுடும் தலையை
கேட்டார் கரையில் மீனின் விலையை

இப்போது இயைபு விகுதியில் மட்டும் நிற்கவில்லை. வலை, அலை, தலை, விலை என்று பெயர்களின் அடியே ஒத்துப்போகிறது. "ஐ" உருபு நான்கிலும் ஒன்றாக இருப்பதால் ஒலி இன்னும் நீள்கிறது. பெயர் அடிமுடிவுக்குப் போகும்போது தன் வேற்றுமை உருபையும் கூட்டிக்கொண்டுதான் போகும் என்பதை அவள் கவனித்திருக்கிறாள். ஓரடியில் "வலையை" என்றும் அடுத்த அடியில் "அலைக்கு" என்றும் முடித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

வகுப்பில் சிலர் கைதட்டினார்கள். எனக்குத் திருப்தி இல்லை. ஏன் என்பதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தால் அறியலாம். பக்கத்து வீட்டாரிடம் செய்தி சொல்வதுபோலச் சொல்லுங்கள்: "விட்டார் அப்பா விடியலில் வலையை." வினைமுற்று முடிந்ததும் குரல் இறங்கத் தொடங்கிவிடும். தமிழ் வாக்கியத்தில் அழுத்தம் பெறும் சொல் வினைக்குச் சற்று முன்னால் உட்காரும். வினைமுற்றுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் கேட்பவருக்கு ஏற்கனவே தெரிந்தது, அல்லது மறந்துபோய்ப் பிறகு சேர்த்தது. "வந்துவிட்டார் அப்பா" என்னும்போது வருகைதான் செய்தி. அப்பாவை எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக, இயைபுக்காக எந்தச் சொல்லை உயர்த்த நினைத்தாளோ, அதைக் குரல் தாழும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நான்கு அடியும் வினையில் தொடங்குவதால் அறிவித்தல் வாசிப்பதுபோன்ற தொனியும் வந்துவிட்டது. திருக்குறளின் கல்வி அதிகாரம் "கற்க" என்ற வினையோடு தொடங்குவது பொருத்தம், ஏனென்றால் அங்கே சொல்லப்படுவது ஏவல். தகப்பன் கடலுக்குப் போவதைச் சொல்லும் பாட்டுக்கு அந்தத் தொனி எதற்கு?

அப்படியானால் பெயரை அடிமுடிவில் வைக்கவே கூடாதா? வைக்கலாம். பெயரின் கனம் குறையாமல் அங்கே கொண்டுபோக எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு.

தோன்றுதல், வருதல் போன்றவற்றைச் சொல்லும் வினைகள் எழுவாயைப் பின்னால் வைத்துக்கொண்டு இயல்பாகவே நிற்கும். "வந்தது மழை", "எழுந்தது அலை", "விடிந்தது பொழுது." இவற்றில் உருபின் தொல்லையும் இல்லை, குரலும் விழாது. ஆனால் ஒரு பாட்டு முழுவதும் வந்ததும் எழுந்ததுமாக இருக்க முடியாது.

அடுத்தது, வினைமுற்றைத் தொழிற்பெயராக்குவது. "அப்பா விலையைக் கேட்டார்" என்பதை "அப்பா கேட்டது விலையை" என்று சொல்லிப் பாருங்கள். இப்போது குரல் "விலையை" என்ற சொல்லில்தான் ஏறுகிறது. வேறு எதையும் கேட்கவில்லை, விலையைத்தான் கேட்டார் என்ற பொருள் வந்துவிடுகிறது. கேள்விச் சொற்களும் இந்த அமைப்பைத்தான் நாடும். "போனார் எங்கே?" என்பது மெலிந்து ஒலிக்கும், "போனது எங்கே?" என்பதில் கேள்வி நிமிர்ந்து நிற்கும். இந்த அமைப்பு அழுத்தமானது என்பதாலேயே அளவோடு பயன்பட வேண்டும். அடிக்கு அடி வந்தால் எல்லாமே முக்கியம் என்று கத்துவதாகிவிடும்.

மூன்றாவது வழியில் சொற்களைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செயப்படுபொருள் இயல்பாகவே வினைக்கு முன்னால் நிற்கிறது அல்லவா? அந்த இடத்திலேயே அடியை முறித்துவிட்டால் போதும். வாக்கியம் தன் வரிசையில் ஓடும். பெயர் அடிமுடிவில் நிற்கும். வினை அடுத்த அடியின் தலையில் வரும். கேட்பவர் வினைக்காகக் காத்திருப்பார், குரலும் இறங்காது.

நானும் அவளும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து சேர்த்தது இது:

விடியும் முன்னே தோணியில் வலையை
ஏற்றினார் அப்பா, எதிர்வரும் அலையை
வெட்டிக் கடந்தார், வெயில்சுடும் தலையை
மூடிய துண்டோடு கேட்டது விலையை.

முதல் மூன்று அடிகளும் முறித்த அடிகள். "ஏற்றினார் அப்பா" என்பதில் மட்டும் எழுவாய் வினைக்குப் பின்னால் போயிருக்கிறது. பாட்டு யாரைப் பற்றியது என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுவதால் அந்தத் தாழ்ந்த இடம் "அப்பா"வுக்குப் பொருந்துகிறது. கடைசி அடியில் மட்டும் "கேட்டது" என்ற அமைப்பு. ஏற்றியதும் கடந்ததும் அவர் கையில் இருந்தன. விலை அவர் கையில் இல்லை, அதைக் கேட்கத்தான் முடியும். அந்த மாற்றத்தை அமைப்பின் மாற்றமே சொல்லிவிடுகிறது. வலை, அலை, தலை என்று அகரத்தில் வந்த ஒலி "விலை"யில் இகரமாக உடைவதும் அந்த இடத்துக்குத் தகும் என்பது என் கருத்து. அவளுக்கு அதில் இன்னும் சம்மதம் இல்லை.

இதில் ஒரு சிறிய கண்ணி இருக்கிறது. மூன்றாம் அடியை முதலில் "வெயில்சுடும் தலையைத் / துண்டால் மூடி" என்று முறித்திருந்தோம். இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும். அடிமுடிவில் "த்" ஒட்டிக்கொண்டது. வலையை, அலையை என்று திறந்து போன ஒலி "தலையைத்" என்று அடைபட்டுவிட்டது. அடி முறிக்கும்போது அடுத்த அடி க, ச, த, ப வரிசையில் தொடங்காமல் உயிரிலோ மெல்லினத்திலோ இடையினத்திலோ தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது. அதனால்தான் ஏற்றினார், வெட்டி, மூடிய என்று அடிகள் தொடங்குகின்றன.

உருபைத் தொகுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். "வலை இழுத்தார்கள்" என்று "ஐ" இல்லாமல் சொல்லலாம், ஏனென்றால் வலை அஃறிணை, வினையை ஒட்டியே நிற்கிறது. இடம் மாற்றிய பிறகும் உருபை விட்டுவிட்டால் ஆபத்து. "மறித்தது தோணி அலை" என்று ஒரு பையன் எழுதியிருந்தான், "அலை" என்று முடிக்க வேண்டும் என்பதற்காக. தோணி அலையை மறித்ததா, அலை தோணியை மறித்ததா? இரண்டும் அஃறிணை ஒருமை, வினையும் உதவாது. "தோணியை மறித்தது அலை" என்று ஓர் உருபைச் சேர்த்ததும் எல்லாம் தெளிந்தது, இயைபும் கெடவில்லை. தமிழுக்குச் சொல்வரிசையில் சுதந்திரம் கொடுப்பது இந்த உருபுதான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தச் சுதந்திரத்தைக் கேட்க முடியாது.

உருபு இருந்தாலும் நகராதவை உண்டு. பெயரெச்சம் தன் பெயரை விட்டுப் பிரியாது. "எதிர்வரும் அலையை" என்பதை "அலையை எதிர்வரும்" என்று புரட்டினால் தமிழே அல்ல.

"நன்னூல் எட்டுப் பொருள்கோள் சொல்கிறதே, சொற்களைப் பிரித்துக் கூட்டிப் பொருள் கொள்வது மரபுதானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மொழிமாற்றும் கொண்டுகூட்டும் மரபுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பவருக்கு, அருகில் உரைகாரரும் இருப்பவருக்கு உதவுபவை. மேடையில் ஒரு பிள்ளை ஒரு முறை சொல்வதைக் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டில் "ஏலேலோ" என்ற கூட்டுக்குரல் அடியின் முடிவைப் பிடித்துக்கொள்வதால், முன்னால் வரும் வாக்கியம் பேச்சு வரிசையிலேயே போகலாம். நம் பிள்ளைகள் தனியாக நின்று சொல்கிறார்கள். அவர்களுக்குக் கைகொடுக்க அந்தக் கூட்டுக்குரல் இல்லை.

இப்போது அவள் இரண்டாவது பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறாள். கையை, பையை, பொய்யை என்று இயைபு எடுத்திருக்கிறாள். "வியாபாரி சொன்னது பொய்யை" என்ற அடியைக் காட்டினாள். முந்தைய பகுதி "கேட்டது" என்று முடிந்திருக்க, அடுத்ததும் "சொன்னது" என்றே முடிந்தால் இரண்டும் பலமிழக்கும். இங்கே அடியை முறித்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன். "பொய்யை" என்று நிறுத்திவிட்டு அடுத்த அடியில் எந்த வினையைப் போடலாம், வல்லினத்தில் தொடங்காததாக? யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அவளிடம் காட்டுகிறேன்.